எழுத்தில் முதலிடம், பேச்சில் நான்காமிடம்: இரண்டு தேர்வுகளின் வரிசையை ஸ்பியர்மன் முறையில் ஒப்பிடுவது எப்படி

மொரீஷியஸில் தமிழ் படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் கிரியோல் பேசுகிறார்கள். பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும் ஓடுகின்றன. தமிழ் அவர்களுக்கு ஒரு பாடம். அதனால் தமிழ் ஆசிரியர்களிடம் அடிக்கடி எழும் கேள்வி இது: எழுத்துத் தேர்வில் முன்வரிசையில் நிற்கும் பிள்ளைகள்தாம் வாய்மொழித் தேர்விலும் முன்வரிசையில் நிற்கிறார்களா, அல்லது இரண்டும் வெவ்வேறு திறமைகளை அளக்கின்றனவா?

எழுத்துத் தேர்வு 100 மதிப்பெண்ணுக்கு, வாய்மொழி 20 மதிப்பெண்ணுக்கு. ஒன்றில் மதிப்பெண்கள் பரந்து கிடக்கும், மற்றதில் நெருக்கிக்கொண்டு நிற்கும். இப்படிப்பட்ட இரண்டை ஒப்பிட, மதிப்பெண்ணை விட்டுவிட்டு வகுப்பில் யார் எத்தனையாவது இடம் என்பதை மட்டும் எடுத்துக்கொள்வதுதான் ஸ்பியர்மன் தர ஒட்டுறவு. சார்ல்ஸ் ஸ்பியர்மன் 1904இல் இதை வெளியிட்டபோது அவர் முன்னால் இருந்ததும் பள்ளிப் பிள்ளைகள் வெவ்வேறு பாடங்களில் பெற்ற இடங்கள்தாம்.

சூத்திரம் எளிது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஒரே மதிப்பெண் வாங்கியவர்களுக்கு என்ன இடம் கொடுப்பது, தேர்வுக்கு வராதவரை என்ன செய்வது என்ற இரண்டில்தான் கணக்குகள் பெரும்பாலும் கெடுகின்றன. ஆகவே அந்த இரண்டுக்கும் இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

கணக்குக்கு ஒரு வகுப்பு

ரோஸ் ஹில் பக்கத்தில் மாலை வகுப்பு ஒன்றில் பத்துப் பிள்ளைகள் படிப்பதாக வைத்துக்கொள்வோம். எண்கள் கணக்கைக் காட்டுவதற்காக நாமே அமைத்தவை. பெயர்களுக்குப் பதில் உயிரெழுத்துகளை வைத்திருக்கிறோம். எழுத்துத் தேர்வு 100க்கு, வாய்மொழித் தேர்வு 20க்கு.

| பிள்ளை | எழுத்து | வாய்மொழி |
|---|---|---|
| அ | 88 | 15 |
| ஆ | 81 | 18 |
| இ | 76 | 15 |
| ஈ | 74 | 17 |
| உ | 69 | 15 |
| ஊ | 65 | 12 |
| எ | 61 | 14 |
| ஏ | 54 | 12 |
| ஐ | 47 | 10 |
| ஒ | 38 | 11 |

இடம் கொடுப்பது

எழுத்துத் தேர்வில் யாரும் சமமாக இல்லை. மேலிருந்து கீழாக 1 முதல் 10 வரை எழுதிவிடலாம்.

வாய்மொழியில் அப்படி முடியாது. ஆ 18 வாங்கி முதலிடம், ஈ 17 வாங்கி இரண்டாமிடம். அடுத்து அ, இ, உ மூவரும் 15. இவர்கள் சேர்ந்து 3, 4, 5 ஆகிய மூன்று இடங்களை அடைக்கிறார்கள். மூன்றின் சராசரி 4. ஆகவே மூவருக்கும் 4. எ 14 வாங்கி ஆறாமிடம். ஊவும் ஏவும் 12. அவர்கள் 7, 8 ஆகிய இரண்டு இடங்களைப் பகிர்வதால் ஆளுக்கு 7.5. ஒ ஒன்பதாமிடம், ஐ பத்தாமிடம்.

இங்கே ஒரு சரிபார்ப்பைத் தவறாமல் செய்யுங்கள். பத்து இடங்களையும் கூட்டினால் 55 வர வேண்டும், ஏனென்றால் 1 முதல் 10 வரை கூட்டினால் 55. சராசரி இடம் கொடுத்தால் அந்தக் கூட்டுத்தொகை மாறாது. பொதுவாக n பேருக்கு n(n+1)/2. வாய்மொழிப் பத்தியைக் கூட்டிப் பாருங்கள்: 4 + 1 + 4 + 2 + 4 + 7.5 + 6 + 7.5 + 10 + 9 = 55.

வித்தியாசம், வர்க்கம், கூட்டல்

எழுத்து இடத்திலிருந்து வாய்மொழி இடத்தைக் கழித்தால் d. அதை வர்க்கப்படுத்தினால் d².

| பிள்ளை | எழுத்து இடம் | வாய்மொழி இடம் | d | d² |
|---|---|---|---|---|
| அ | 1 | 4 | −3 | 9 |
| ஆ | 2 | 1 | 1 | 1 |
| இ | 3 | 4 | −1 | 1 |
| ஈ | 4 | 2 | 2 | 4 |
| உ | 5 | 4 | 1 | 1 |
| ஊ | 6 | 7.5 | −1.5 | 2.25 |
| எ | 7 | 6 | 1 | 1 |
| ஏ | 8 | 7.5 | 0.5 | 0.25 |
| ஐ | 9 | 10 | −1 | 1 |
| ஒ | 10 | 9 | 1 | 1 |

d பத்தியின் கூட்டுத்தொகை பூச்சியமாக வர வேண்டும். வராவிட்டால் எங்கோ இடம் தவறாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. மேலே போகாமல் நின்று தேடுங்கள். இங்கே பூச்சியம் வருகிறது. d² கூட்டுத்தொகை 21.5.

இனிச் சூத்திரம். இதில் rho, அதாவது ரோ, என்பதுதான் ஸ்பியர்மன் கெழு. Σd² என்பது d² கூட்டுத்தொகை, n என்பது பிள்ளைகளின் எண்ணிக்கை:

```
rho = 1 - 6 * Σd² / (n * (n² - 1))
    = 1 - 6 * 21.5 / (10 * 99)
    = 1 - 129 / 990
    = 0.870
```

அந்த 6 எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள். பத்துப் பேருக்கு 990ஐ 6ஆல் வகுத்தால் 165. இரண்டு தேர்வுகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லாமல் இடங்கள் கண்டபடி விழுந்தால் Σd² சராசரியாக 165 இருக்கும். ஒரு வரிசை மற்றதற்கு நேர் தலைகீழாக இருந்தால் அது 330. இரண்டும் ஒன்றேயானால் 0. ஆக ரோ என்பது 1இலிருந்து Σd²/165ஐக் கழிப்பதுதான்: 0 வந்தால் 1, 165 வந்தால் 0, 330 வந்தால் −1. நம் வகுப்பில் வந்தது 21.5. கண்டபடி விழுந்தால் வரக்கூடிய அளவில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு.

சமமானவர்கள் இருந்தால் சூத்திரம் சற்றுப் பொய் சொல்லும்

மேலே உள்ள சூத்திரம் ஒரு குறுக்குவழி. 1 முதல் n வரை ஒவ்வோர் எண்ணும் ஒரே ஒரு முறை வரும் என்று நம்பி அமைக்கப்பட்டது. 4, 4, 4 என்று மூன்று முறை வந்தால் அந்த நம்பிக்கை உடைகிறது. இடங்களின் பரவல் குறைந்துவிடுகிறது. சரியான வழி, கிடைத்த இடங்களையே எண்களாக வைத்துக்கொண்டு சாதாரணப் பியர்சன் ஒட்டுறவைக் கணக்கிடுவது. ஸ்பியர்மன் கெழுவின் வரையறையே அதுதான்.

கையால் செய்ய வேண்டுமானால் இப்படி. பரவல் என்று இங்கே சொல்வது, ஒவ்வோர் இடமும் சராசரி இடத்திலிருந்து விலகும் தூரத்தின் வர்க்கங்களைக் கூட்டிய தொகை. சமமே இல்லாத பத்தியின் பரவல் n(n²−1)/12, அதாவது 82.5. சமமான ஒவ்வொரு குழுவுக்கும், அதில் t பேர் இருந்தால், (t³−t)/12 கழிக்க வேண்டும். வாய்மொழியில் மூவர் குழுவுக்கு 2, இருவர் குழுவுக்கு 0.5. ஆக 82.5 − 2.5 = 80.

```
rho = (82.5 + 80 - 21.5) / (2 * √(82.5 * 80))
    = 141 / 162.48
    = 0.868
```

0.870க்கும் 0.868க்கும் இடையே இவ்வளவுதான் வித்தியாசம். இதற்கா இத்தனை பாடு என்று தோன்றலாம். உறவு வலுவாகவும் சமமானவர்கள் சிலராகவும் இருந்தால் உண்மையில் பெரிதாக ஒன்றும் மாறாது. உறவு பலவீனமாக இருந்து, சமமானவர்களும் கூடினால்தான் குறுக்குவழி ஏமாற்றும். ஒரு வகுப்பில் இரண்டு தேர்வுகளிலும் மதிப்பெண் இல்லாமல் வெறும் மூன்று நிலைகள் கொடுத்து, மேல் நிலையில் 5 பேர், நடுவில் 3 பேர், கீழே 2 பேர் என்று பிரித்திருக்கிறார்கள் என வையுங்கள். இரண்டு பத்திகளின் பரவலும் 70க்கு இறங்கிவிடும். இரண்டு தேர்வுகளுக்கும் கொஞ்சமும் தொடர்பில்லாமல் உண்மை ரோ சரியாக 0 ஆக இருந்தாலும் குறுக்குவழி 0.15 என்று காட்டும். இல்லாத உறவைச் சமமான இடங்களே உண்டாக்கிக் காட்டுகின்றன. ஆகவே சமமானவர் ஒருவர் இருந்தாலும் நீண்ட வழியையே பழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

பள்ளித் தரப்பட்டியலை அப்படியே எடுக்காதீர்கள்

இதைவிடப் பெரிய தவறு இன்னொன்று இருக்கிறது. பள்ளிகளில் இடம் எழுதும் வழக்கம் வேறு. மூவர் சமமாக வந்தால் மூவருக்கும் 'மூன்றாமிடம்', அடுத்தவருக்கு ஆறாமிடம். பரிசு கொடுக்க அது போதும், இந்தக் கணக்குக்கு ஆகாது.

நம் வகுப்பிலேயே பார்ப்போம். அ, இ, உ மூவருக்கும் 4க்குப் பதில் 3. ஊவுக்கும் ஏவுக்கும் 7.5க்குப் பதில் 7. இப்போது வாய்மொழி இடங்களின் கூட்டுத்தொகை 55க்குப் பதில் 51. d கூட்டுத்தொகை பூச்சியத்துக்குப் பதில் 4. Σd² 21.5க்குப் பதில் 18. சூத்திரத்தில் போட்டால் 0.891. சரியான விடையான 0.868ஐவிட இது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு அதிகம். ஆனாலும் நம்பும்படியான எண்ணாக இருப்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கூட்டல் சரிபார்ப்பு மட்டுமே இதைக் காட்டிக்கொடுக்கும்.

கணினியில்

எக்செல், லிப்ரே ஆபீஸ், கூகுள் ஷீட்ஸ் மூன்றிலும் சராசரி இடம் கொடுக்கும் செயல்பாடு உண்டு. எழுத்து மதிப்பெண் B பத்தியிலும் வாய்மொழி C பத்தியிலும், இரண்டாம் வரி முதல் பதினோராம் வரி வரை இருந்தால் D2, E2 ஆகியவற்றில் முதல் இரண்டு வரிகளை எழுதிக் கீழே இழுங்கள். மூன்றாவது வரி விடையைத் தரும்.

```
=RANK.AVG(B2,B$2:B$11,0)
=RANK.AVG(C2,C$2:C$11,0)
=CORREL(D2:D11,E2:E11)
```

`RANK` என்று மட்டும் எழுதினாலோ `RANK.EQ` என்று எழுதினாலோ பள்ளிப் பட்டியல் முறையில் 3, 3, 3, 6 என்றுதான் வரும். மதிப்பெண்கள் மீதே நேராக `CORREL` போட்டால் அது பியர்சன், ஸ்பியர்மன் அல்ல.

இங்கே பல கணினிகளில் எக்செல் பிரெஞ்சில் இருக்கும். அங்கே பெயர்களும் மாறும், காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளியும் வரும்:

```
=MOYENNE.RANG(B2;B$2:B$11;0)
=COEFFICIENT.CORRELATION(D2:D11;E2:E11)
```

பிரெஞ்சு அமைப்பில் பதின்மக் குறி காற்புள்ளி. இடங்களைக் கையால் தட்டி 7.5 என்று புள்ளி வைத்தால் கணினி அதை எண்ணாக எடுக்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளக்கூடும். ஒட்டுறவுச் செயல்பாடு அப்படிப்பட்ட கட்டத்தைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். பிழைச் செய்தி எதுவும் வராது. கட்டத்தில் எண் வலப்பக்கம் ஒட்டி நின்றால் எண், இடப்பக்கம் ஒட்டி நின்றால் எழுத்து. கட்டங்களின் அமைப்பை யாரும் மாற்றாமல் இருந்தால் இந்த அடையாளம் போதும்.

வராத பிள்ளைக்குப் பூச்சியம் போடக் கூடாது

ஆ வாய்மொழித் தேர்வன்று காய்ச்சலில் படுத்துவிட்டாள் என்று வைப்போம். பட்டியலில் அவளுக்கு 0 போட்டுவிட்டால் என்ன ஆகும்? எழுத்தில் இரண்டாமிடத்தில் இருந்தவள் வாய்மொழியில் பத்தாமிடத்துக்குப் போகிறாள். அவளுடைய d −8, d² 64. அவளுக்குக் கீழே இருந்தவர்கள் எல்லோரும் ஓர் இடம் மேலே ஏறுகிறார்கள். Σd² 21.5இலிருந்து 91.5 ஆகிறது, நீண்ட வழியில் ரோ 0.437. ஒரே ஒரு பிள்ளையின் காய்ச்சல் வலுவான உறவைப் பாதியாக்கிவிட்டது.

அவளை இரண்டு பட்டியல்களிலிருந்தும் எடுத்துவிட வேண்டும். எடுத்த பிறகு எழுத்துத் தேர்விலும் மறுபடி 1 முதல் 9 வரை புதிதாக இடம் கொடுக்க வேண்டும். இதைத்தான் பலர் மறக்கிறார்கள்: பழைய பட்டியலில் 1, 3, 4, 5 என்று இடைவெளியோடு இருப்பதை அப்படியே வைத்துக்கொள்கிறார்கள். ஒன்பது பேருக்கு இடங்களின் கூட்டுத்தொகை 45. பழைய எண்களை வைத்தால் 53 வரும், உடனே பிடிபடும். சரியாகச் செய்தால் Σd² 15.5. பரவல்கள் 60, 57.5.

```
rho = (60 + 57.5 - 15.5) / (2 * √(60 * 57.5)) = 102 / 117.47 = 0.868
```

பத்துப் பேரோடு வந்த அதே விடை. வராதவர் பலரானால் மட்டும் யோசிக்க வேண்டும். வாய்மொழிக்குப் பயந்து வராமல் இருப்பவர்கள் பெரும்பாலும் பேச்சில் பின்தங்கியவர்களாக இருந்தால், எஞ்சியவர்களின் வரிசை முழு வகுப்பின் வரிசை ஆகாது. எத்தனை பேரை நீக்கினீர்கள் என்பதை விடையோடு சேர்த்து எழுதிவிடுங்கள்.

பத்துப் பேரை வைத்து எவ்வளவு சொல்லலாம்

0.868 பெரிய எண்தான். ஆனால் பத்துப் பேர் சிறிய வகுப்பு. தற்செயலாகவும் பெரிய எண்கள் வரும். ஸ்பியர்மன் அட்டவணையில் பத்துப் பேருக்கு, இரு பக்கமும் சேர்த்து 5 விழுக்காட்டு அளவில் எல்லை 0.648. அதாவது தொடர்பே இல்லாதபோது ரோ, எந்தக் குறியோடாவது, இந்த எல்லையைத் தொடும் வாய்ப்பு 5 விழுக்காட்டுக்கு மேல் இல்லை. எட்டுப் பேருக்கு 0.738, ஆறு பேருக்கு 0.886. ஐந்து பேர் மட்டும் இருந்தால் இரண்டு வரிசைகளும் அப்படியே ஒன்றாகவோ நேர் தலைகீழாகவோ இருந்தாலொழிய அந்த எல்லையைத் தொட முடியாது. காரணம், ஐந்து பேரை 120 விதமாக வரிசைப்படுத்தலாம், 0.9 அல்லது அதற்கு மேல் ஐந்து விதங்களில் வந்துவிடும், −0.9 பக்கம் இன்னோர் ஐந்து. 120இல் 10 என்பது 8 விழுக்காட்டுக்கு மேல்.

நம் 0.868 எல்லையைத் தாண்டுகிறது. இந்த அட்டவணை சமமில்லாத இடங்களுக்காகத் தயாரானது என்றாலும், நம்மிடம் உள்ள அளவு சமங்களுக்கு முடிவு மாறாது. ஆனால் 'உறவு இருக்கிறது' என்பது வேறு, 'அது 0.87தான்' என்பது வேறு. தோராயமாகக் கணக்கிட்டால் 95 விழுக்காட்டு எல்லைகள் 0.5இலிருந்து 0.97 வரை விரிகின்றன. ஆகவே இந்த ஆண்டு 0.87, போன ஆண்டு 0.75, முன்னேறிவிட்டோம் என்று பத்துப் பேர் வகுப்பை வைத்துச் சொல்ல முடியாது. பெற்றோர் கூட்டத்தில் இரண்டு பதின்ம இலக்கங்களுக்கு மேல் எழுதுவதும் வேண்டாம்.

விடையை விட d பத்தி அதிகம் பேசும்

ரோ ஒரே ஓர் எண். ஆசிரியருக்கு வேலை கொடுப்பது d பத்தி. Σd² 21.5இல் 9, அதாவது நாற்பது விழுக்காட்டுக்கு மேல், அ என்ற ஒரே பிள்ளையிடமிருந்து வருகிறது. எழுத்தில் முதலிடம், பேச்சில் நான்காமிடம், குறி எதிர்மறை. இலக்கணமும் எழுத்தும் கைவந்த பிள்ளைக்கு வாய் திறந்து பேச வாய்ப்பு இல்லையோ என்று பார்க்கலாம். ஈ இதற்கு நேர்மாறு: பேச்சில் இரண்டாமிடம், எழுத்தில் நான்காமிடம். வீட்டில் தமிழ் பேசும் பாட்டி இருக்கலாம், விசாரித்தால் தெரியும். ±1 வித்தியாசங்களுக்குப் பொருள் தேடாதீர்கள். 20க்கு ஒரு மதிப்பெண் கூடவோ குறையவோ போட்டிருந்தால் அவை மாறியிருக்கும்.

அ, இ, உ மூவரும் 15இல் நிற்பதும் ஒரு செய்திதான். வாய்மொழி மதிப்பெண் திட்டம் நடுவில் இருப்பவர்களைப் பிரித்துக் காட்டவில்லை. வாசிப்பு, உரையாடல், படத்தைப் பார்த்துச் சொல்லுதல் என்று பிரித்துத் தனித்தனியே மதிப்பெண் போட்டால் சமங்கள் குறையும். வகுப்பைப் பாதியாகப் பிரித்து இரண்டு தேர்வாளர்கள் கேட்டிருந்தால், ஒருவர் தாராளமானவராக இருந்தாலே வரிசை கலைந்துவிடும். அப்போது ஒவ்வொருவர் கேட்ட பாதியையும் தனியே வரிசைப்படுத்திப் பார்ப்பதுதான் நியாயம்.

ரோவுக்கு ஒன்று தெரியவே தெரியாது: மட்டம். வாய்மொழியில் ஒவ்வொருவருக்கும் ஐந்து மதிப்பெண் குறைந்திருந்தாலும் இடங்கள் மாறாது, ரோ 0.868ஆகவே இருக்கும். வகுப்பு முழுவதும் பேச்சில் தடுமாறுகிறதா என்பதை அறியச் சராசரி மதிப்பெண்ணைப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

எண் எதிர்மறையாக வந்தால்

உயர்நிலை வகுப்புகளில் ஸ்கூல் சர்ட்டிபிகேட் முடிவுகளோடு வகுப்புத் தேர்வை ஒப்பிடும்போது −0.8 போல ஒன்று வந்து ஆசிரியரைத் திடுக்கிட வைக்கும். வகுப்பு மதிப்பெண்ணில் பெரிய எண் நல்லது. ஸ்கூல் சர்ட்டிபிகேட்டில் 1 முதல் 9 வரையான நிலைகளில் 1தான் உயர்ந்தது. ஆறு பாடங்களின் நிலைகளைக் கூட்டினாலும் குறைந்த தொகையே சிறந்தது. இரண்டையும் ஒரே திசையில் வரிசைப்படுத்தினால் ஒரு பக்கம் நல்ல பிள்ளைக்கு முதலிடமும் மறுபக்கம் கடைசி இடமும் கிடைக்கும். நிலைகளுக்கு மட்டும் `RANK.AVG` செயல்பாட்டின் கடைசி எண்ணை 0க்குப் பதில் 1 ஆக்குங்கள். சிறிய எண்ணுக்கு முதலிடம் கிடைக்கும், குறியும் நேராகிவிடும்.

```
=RANK.AVG(C2,C$2:C$11,1)
```

ஒன்பது நிலைகளுக்குள் முப்பது பிள்ளைகளை அடைத்தால் சமங்கள் ஏராளமாக வரும். அங்கே 6 உள்ள குறுக்குவழிச் சூத்திரத்தைத் தொடவே வேண்டாம். சராசரி இடமும் `CORREL` உம் மட்டும் போதும். முடிவை எழுதும்போது இப்படி ஒரு வரி போதும்: 'எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு, 10 பிள்ளைகள், யாரும் நீக்கப்படவில்லை, சமங்களுக்குச் சராசரி இடம், ரோ = 0.87.'